குழந்தை லோஷன்: டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

குழந்தைக்கு லோஷன் வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பொருட்பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது. எடையில் அதிகமுள்ள பொருள் அதில் முதலில் வரும், மற்றவை இறங்குவரிசையில் வரும். ஆனால் 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள பொருட்களை உற்பத்தியாளர் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம்.

அந்த 1 சதவீத எல்லை எங்கே தொடங்குகிறது என்று பட்டியலில் போட்டிருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஃபீனாக்சிஎத்தனால் உதவும். லோஷன் கெட்டுப்போகாமல் காக்கும் இந்தப் பொருளை ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அந்த விதிப்படி தயாரித்த லோஷனில், இந்தப் பெயருக்குப் பிறகு வருவதெல்லாம் அதிகபட்சம் 1 சதவீதம்தான்.

ஒரு பட்டியலை இப்படி வைத்துக்கொள்வோம்: தண்ணீர், கிளிசரின், திரவ பாராஃபின், சீட்டியரில் ஆல்கஹால், ஃபீனாக்சிஎத்தனால், பாதாம் எண்ணெய், பர்ஃபம். முன்பக்கம் முழுக்கப் பாதாம் படம். ஆனால் 200 கிராம் லோஷனில் பாதாம் எண்ணெய் 2 கிராமைத் தாண்டாது. வேலை செய்வது கிளிசரினும் பாராஃபினும்தான்: ஒன்று ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, இன்னொன்று அது ஆவியாகாமல் மூடுகிறது. இதில் குறை ஒன்றுமில்லை. சீட்டியரில் ஆல்கஹாலைப் பார்த்தும் பயப்பட வேண்டாம், அது மெழுகு போன்ற கொழுப்புப் பொருள், தோலை உலர்த்தாது.

நான் தயங்குவது கடைசிச் சொல்லைப் பார்த்துத்தான். பர்ஃபம் அல்லது ஃபிராக்ரன்ஸ் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல வாசனைப் பொருட்கள் அடங்கியிருக்கலாம். தோல் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருட்கள் முக்கியமான காரணம், அளவு குறைவாக இருந்தாலும் ஒவ்வாமை உள்ள தோலுக்கு அது போதும். 'அன்சென்டட்' என்றிருந்தாலும் வேறு நெடியை மறைக்க வாசனை சேர்த்திருக்கக்கூடும், அதனால் பட்டியலையே பாருங்கள். ஒவ்வாமை வரும் வாய்ப்புக் குறைவு என்று சொல்லும் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்பதையும் நம்பிவிட முடியாது, அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறையே கிடையாது.

குளியல் திரவத்தில் தண்ணீருக்கு அடுத்த இரண்டு மூன்று பெயர்களைப் பார்த்தால் போதும். சோடியம் லாரில் சல்பேட் தோலை உறுத்தும். டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு மென்மையானவை.

சன்ஸ்கிரீன் என்றால் ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு உள்ளதாக, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாததாக, 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டதாகத் தேடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழலும் உடம்பை மூடும் ஆடையும்தான் முதல் பாதுகாப்பு.

புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் சில நாட்கள் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை எப்போதும் உடனே தெரியாது, தடவி இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். தடவிய இடம் மட்டும் சிவந்து தடித்தால் நிறுத்திவிட்டு, அப்புறம் டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேட அவருக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.