போஸ்ட அழிச்சுட்டா போட்டியில இருந்து வெளிய வந்தாச்சா?

தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும், சுங்கை சிப்புட்ல இருக்கற என் வக்கீல் ஆபீஸுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு, கையில அடுத்த வருஷத்து கலண்டர். மேசையில விரிச்சு மார்ச் மாசப் பக்கத்த காட்டுச்சு. அதுல அதோட பாட்டி நிக்கறாங்க, தலையில துண்டு, நெத்தியில லைட்டு, பழைய கைலி, ஒரு கையில கத்தி, இன்னொரு கையில மங்கு, பின்னால பால்மரம். படம் அருமையா இருந்துச்சு, அத மறைக்க முடியாது. ஆனா பாட்டிக்கு அது புடிக்கல, "ஊரே பாக்கற மாதிரியா நான் நிக்கறேன், யாரக் கேட்டு போட்டாங்க"ன்னு ரெண்டு நாளா சாப்பிடாம இருந்திருக்காங்க. (வீட்டுல சம்மதம் வாங்கிட்டுதான் எழுதறேன், சில விவரத்த மாத்தியிருக்கேன்.)

நடந்தது இதுதான். டவுன்ல இந்தக் கலண்டர் அடிச்ச கடை, பழைய தோட்ட வாழ்க்கை பத்தி போட்டோ போட்டி வெச்சாங்க. இன்ஸ்டாகிராம்ல ஹேஷ்டேக் போட்டு படம் போடணும், கூடவே ஒரு ஆன்லைன் பாரத்துல பேரு, ஐசி நம்பர், போன் நம்பர் எழுதி, விதிமுறைய ஒத்துக்கிறேன்னு டிக் பண்ணணும். இது ரெண்டையும் பண்ணிருச்சு. மூணாவது நாள் பாட்டி போன்ல படத்த பாத்துட்டு சத்தம் போட, அன்னிக்கு ராத்திரியே போஸ்ட அழிச்சுருச்சு, அழிச்சாச்சு, போட்டியில இருந்தும் வெளிய வந்தாச்சுன்னு நெனச்சுக்கிச்சு. எங்கிட்ட வர்ற நிறைய பேர் இப்படித்தான் நெனைக்கறாங்க, அதுக்காகத்தான் இத எழுதறேன்.

போஸ்ட அழிச்சா அது உங்க பக்கத்துல இருந்து போகும், ஹேஷ்டேக் பக்கத்துல இருந்தும் போகும், அவ்வளவுதான். அதுவும் உடனே முழுசா போறதில்ல, இன்ஸ்டாகிராம்ல `Recently Deleted`-ல 30 நாள் வரைக்கும் கிடக்கும். ஆனா பாரத்துல எழுதுன பதிவு நடத்தறவங்க கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு, படத்த அவங்க ஏற்கனவே இறக்கி வெச்சிருந்தா அந்தக் காப்பியும் அப்படியே இருக்கு. அவங்க பேஜ்ல உங்க படம் தெரியுதுன்னா அது எந்த வகைன்னு பாக்க ஒரு வழி இருக்கு: உங்க போஸ்ட் போன பிறகும் அவங்ககிட்ட படம் தெளிவா தெரிஞ்சா அவங்க தனியா ஏத்தியிருக்காங்க, உங்க போஸ்டோட சேந்து மறைஞ்சா அது வெறும் லிங்க் மாதிரி இருந்தது.

இதுல மூணு விஷயம் தனித்தனியா இருக்கு, மூணையும் ஒண்ணுன்னு நெனச்சாதான் சிக்கல். போட்டியில சேந்தது ஒண்ணு, படத்த பயன்படுத்த நீங்க குடுத்த அனுமதி ஒண்ணு, உங்க சொந்தத் தகவல் ஒண்ணு. போட்டியில இருந்து விலகறது சுலபம், முடிவு தேதிக்கு முன்னாடி எழுதிக் கேட்டா பெரும்பாலும் எடுத்துருவாங்க. கஷ்டம் ரெண்டாவதுலதான்.

படம் எடுத்தவங்கதான் பொதுவா காப்புரிமைக்காரங்க, போட்டியில போட்டதால அது கைமாறிடாது. மலேசியாவோட 1987 காப்புரிமைச் சட்டம் 27வது பிரிவுப்படி மத்தவங்களுக்கு அனுமதி குடுக்கறது எழுத்துல இருக்கணும். 2006 மின்வணிகச் சட்டம் இருக்கறதால மின்னணு எழுத்தும் எழுத்துதான், அதனால பாரத்துல டிக் பண்ணியிருந்தா அது ஒரு பலமான அனுமதி. வெறும் ஹேஷ்டேக் மட்டும் போட்டிருந்தா, அத எழுத்து அனுமதின்னு அவங்க சொன்னா நான் எதிர்த்து வாதாடுவேன். விதிமுறையில "திரும்பப் பெற முடியாத", "நிரந்தர" அனுமதின்னு இருந்துட்டா, போட்டியில இருந்து விலகினாலும் படத்த அவங்க வெச்சுக்க வழி இருக்கு, இது கசப்பான உண்மை. ஆனா எதுக்காகன்னு எழுதியிருக்காங்களோ அதுக்குத்தான்.

இந்த பொண்ணோட விஷயத்துல அதுதான் கை குடுத்துச்சு. விதிமுறைய எடுத்து நான் ரெண்டு தடவ படிச்சேன், "இந்தப் போட்டியை விளம்பரப்படுத்த" அப்படின்னுதான் இருந்துச்சு, கலண்டர்ங்கற வார்த்தையே இல்ல. கடைக்குப் பேர் வாங்கித் தர்ற கலண்டர் போட்டி விளம்பரம் ஆகுமா? ஆகாதுன்னு நான் எழுதுனேன்.

மூணாவது விஷயம் சொந்தத் தகவல். ஐசி நம்பர், போன் நம்பர், அப்புறம் அடையாளம் தெரியற முகமும் இதுல சேரும். 2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது ஆக்ட் 709, 38வது பிரிவுல நீங்க குடுத்த சம்மதத்த எழுத்து மூலமா திரும்ப வாங்கிக்கலாம், கடிதம் கிடைச்சதும் அவங்க அந்தத் தகவல பயன்படுத்தறத நிறுத்தணும். மறுத்தா அது குற்றம். 43வது பிரிவுப்படி விளம்பர மெசேஜ் அனுப்பறதையும் நிறுத்தச் சொல்லலாம், போட்டிக்கு பேர் குடுத்த நாள்ல இருந்து வாட்சப்ல ஆஃபர் வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்றவங்களுக்கு இதுதான் மருந்து. ஒண்ணு கவனிங்க, முகம் பாட்டியோடது. பேத்தி பண்ணின டிக் பாட்டிக்காக ஆகாது, அதனால கடிதத்துல பாட்டியும் தனியா கையெழுத்து போட்டாங்க.

கடிதம் பெருசா இருக்க வேண்டாம், மலாய்லயோ இங்கிலீஷ்லயோ ஒரு பக்கம் போதும். எந்தப் போட்டி, எந்தத் தேதியில சேந்தேன், விலகறேன், சம்மதத்த திரும்ப எடுத்துக்கறேன், படத்த பேஜ்ல இருந்து எடுங்க, இன்னும் விநியோகம் ஆகாத கலண்டர நிறுத்துங்க, எத வெச்சிருக்கீங்க, எதுக்குன்னு எழுதிக் குடுங்க. ஈமெயில்ல அனுப்பி, கையிலயும் குடுத்து, சீல் போட்ட நகல் வாங்குனோம். அந்த பொண்ணு அவசரத்துல போஸ்ட முதல்லயே அழிச்சதால, எந்தத் தேதியில என்ன எழுதிப் போட்டுச்சுன்னு காட்ட எங்ககிட்ட எதுவும் இல்ல, `Recently Deleted`-லயும் 30 நாள் தாண்டிருச்சு. பாரம் அனுப்பினதும் வந்த ஈமெயில் இருந்ததால தப்பிச்சோம். அழிக்கறதுக்கு முன்னாடி போஸ்ட், அதோட எழுத்து, தேதி, விதிமுறைப் பக்கம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, விதிமுறைய அவங்க பின்னாடி மாத்தினாலும் உங்ககிட்ட பழசு இருக்கும்.

அவங்க வெச்சுக்கலாம்னு சட்டம் விடறதும் இருக்கு. பரிசு வாங்குனவங்களோட பண விவரத்த வருமான வரிச் சட்டப்படி 7 வருஷம் வெச்சிருக்கணும், அத அழிக்கச் சொன்னா அவங்களால முடியாது. விலகினவங்க பேரும் தேதியும் ஒரு பதிவா இருக்கறதும் நியாயந்தான், இல்லாட்டி நாளைக்கு அவங்களே மறந்து போய் படத்த திரும்ப எடுத்துப் போடுவாங்க. ஆனா பரிசே வாங்காத ஆளோட ஐசி நம்பருக்கு எந்தத் தேவையும் இல்ல, தேவை முடிஞ்சதும் அழிக்கணும்னு ஆக்ட் 709ஓட 10வது பிரிவு சொல்லுது. இன்னொரு விஷயம், மத்திய, மாநில அரசாங்கத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது, வணிக விவகாரத்துக்குத்தான் செல்லும். அதனால அரசாங்க இலாகா நடத்தற ஹேஷ்டேக் பிரச்சாரத்துலயோ, ஒரு கோயில் நடத்தற சாதாரண போட்டியிலயோ 38வது பிரிவ காட்டி அழுத்த முடியாம போகலாம், அங்க காப்புரிமையும் விதிமுறையும்தான் கையில இருக்கற ஆயுதம்.

கடைக்காரங்க ஒன்பது நாள்ல பதில் எழுதுனாங்க. பேஜ்ல இருந்த படம் போச்சு, ஐசி நம்பரும் போனும் அழிச்சுட்டோம், பேரும் விலகின தேதியும் மட்டும் வெச்சிருக்கோம், கடையில மிச்சமிருந்த கலண்டர்ல மார்ச் பக்கத்த கிழிச்சுட்டுத்தான் குடுக்கறோம்னு. ஏற்கனவே வீடு வீடா போனத திரும்ப வாங்க முடியல, நாங்களும் அத கேக்கல. பாட்டி வீட்டு எதிர்ல இருக்கற காப்பிக்கடையில ஒண்ணு மாட்டியிருந்தாங்க, பேத்தி போய் கேட்டதும் கடைக்கார அண்ணன் அந்தப் பக்கத்த தானே கிழிச்சு மடிச்சு அது கையில குடுத்துட்டாரு.