ஒரு தப்புக்கு எத்தனை வார்த்தை விலை? டைப்பிங் டெஸ்ட்டோட கணக்கு

டைப்பிங் டெஸ்ட்டுக்கு ப்ராக்டிஸ் பண்றவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, வேகமா அடிச்சா தப்பு ஏறுது, தப்பைக் குறைக்கலாம்னா வேகம் படுத்துடுது. மாஸ்டர்கிட்ட கேட்டா "அக்யூரசி முதல்ல, ஸ்பீடு தானா வரும்"னு ஒரே வரியில முடிச்சிடுவாரு. அது பாதி உண்மைதான். எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு தப்பு தாங்கும்ங்கறது உங்க டெஸ்ட்ல ஒரு தப்புக்கு எவ்வளவு கழிக்கிறாங்கங்கறதைப் பொறுத்து மாறும், அதை ஒரு வகுத்தல் கணக்குல கண்டுபிடிச்சிடலாம்.

முதல்ல வார்த்தைன்னா என்னன்னு பார்ப்போம். டைப்பிங்ல வார்த்தைங்கறது நிஜ வார்த்தை இல்ல, அஞ்சு ஸ்ட்ரோக் சேர்ந்தா ஒரு வார்த்தை, ஸ்பேஸும் ஒரு ஸ்ட்ரோக்தான். தமிழ்நாட்டுல பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் நடக்கிற அரசு தட்டச்சுத் தேர்வுல லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. பத்து நிமிஷ ஸ்பீடு பேப்பர்னா லோயருக்கு 1500 ஸ்ட்ரோக், ஹையருக்கு 2250. கம்ப்யூட்டர்ல நடக்கிற டெஸ்ட்கள்லயும் அடிப்படை இதேதான், அடிச்ச மொத்தத்தை அஞ்சால வகுத்து, அதுல தப்புக்கான அபராதத்தைக் கழிச்சு, நிமிஷத்தால வகுப்பாங்க.

```
நிகர வேகம் = (ஸ்ட்ரோக் / 5 - தப்பு × அபராதம்) / நிமிஷம்
```

இதுல அபராதம்ங்கறதுதான் இடத்துக்கு இடம் மாறுது. ஒரு தப்புக்கு ஒரு வார்த்தை கழிக்கிற டெஸ்ட்டும் இருக்கு, அஞ்சு, பத்துன்னு கழிக்கிறதும் இருக்கு. நீங்க எழுதப்போற டெஸ்ட்டோட ரூலை முதல்ல கையில வாங்கிடுங்க, அது தெரியாம ப்ராக்டிஸ் பண்றது விலை தெரியாம சாமான் வாங்குற மாதிரி.

என்னோட நோட்லேர்ந்தே ஒரு உதாரணம் சொல்றேன். இங்கிலீஷ், பத்து நிமிஷம், கம்ப்யூட்டர்ல. நிதானமா அடிச்ச அன்னிக்கு 1800 ஸ்ட்ரோக், 4 தப்பு. விரட்டி அடிச்ச அன்னிக்கு 2000 ஸ்ட்ரோக், 14 தப்பு. வார்த்தைக்கணக்குல 360, 400. அபராதம் ஒரு வார்த்தைன்னா நிதானத்துக்கு 356, விரட்டலுக்கு 386, அதாவது நிமிஷத்துக்கு 35.6, 38.6. விரட்டுனதுதான் ஜெயிக்குது. அதே ரெண்டு தாளை அபராதம் அஞ்சுன்னு வச்சுத் திருத்துனா நிதானத்துக்கு 340, விரட்டலுக்கு 330. இப்ப நிதானம் ஜெயிச்சிடுச்சு. ஒரே ஆளு, அதே விரலு, ரூல் மட்டும்தான் மாறியிருக்கு.

எந்த இடத்துல கணக்கு புரளுதுன்னு பார்க்கணும்னா, விரட்டுனதுல கூடுதலா கிடைச்ச வார்த்தையை கூடுதலா விழுந்த தப்பால வகுக்கணும். இங்க 40 வார்த்தை கூட, 10 தப்பு கூட, 40 ÷ 10 = 4. உங்க டெஸ்ட்டோட அபராதம் நாலுக்குக் கீழன்னா விரட்டுங்க, நாலுக்கு மேலன்னா வேகத்தைக் குறைங்க. இந்த நம்பர் ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்கே தமிழுக்கு ஒண்ணு இங்கிலீஷுக்கு ஒண்ணுன்னு வரும், அதனால ரெண்டு மொழிக்கும் தனித்தனியா போட்டுப் பார்க்கணும், ஃப்ரெண்டோட நம்பரை கடன் வாங்கக்கூடாது.

இதுல ஒரு விதிவிலக்கு. பத்தி கொடுத்த அளவோட முடிஞ்சிடும், சீக்கிரம் முடிச்சா கூடுதல் மார்க் கிடையாதுன்னா, கடைசி எழுத்தைத் தாண்டுன வேகத்துக்கு மதிப்பே இல்ல. எட்டரை நிமிஷத்துல முடிச்சிட்டு மிச்ச நேரம் கையைக் கட்டி உக்காந்திருக்கிறதை விட ஒன்பதே முக்கால்ல முடிச்சு நாலு தப்பைக் குறைக்கிறதுதான் லாபம்.

அடுத்து பேக்ஸ்பேஸ். மெஷின்ல இந்தப் பேச்சே கிடையாது, கம்ப்யூட்டர்ல பேக்ஸ்பேஸ் அனுமதிச்சா மட்டும்தான் இந்தக் குழப்பம். நிமிஷத்துக்கு 40 வார்த்தைன்னா 200 ஸ்ட்ரோக், ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.3 செகண்ட். தப்பு விழுந்த அடுத்த நொடியே தெரிஞ்சா தப்பான ஸ்ட்ரோக், அழிக்க ஒரு ஸ்ட்ரோக், நடுவுல ஒரு சின்ன தடுமாற்றம், எல்லாம் சேர்ந்து ஒரு செகண்டுக்குக் கொஞ்சம் மேல, கிட்டத்தட்ட ஒரு வார்த்தை போகும். ஆனா 12 எழுத்து தள்ளிப்போய் கண்டுபிடிச்சா 12 அழிச்சு 12 திரும்ப அடிக்கணும், 24 ஸ்ட்ரோக், ஏழு செகண்ட், அஞ்சு வார்த்தை காலி. அபராதம் ஒண்ணுன்னா அதை விட்டுட்டுப் போயிடுங்க. அஞ்சுன்னா ரெண்டும் சமம். பத்துன்னா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப்போய் திருத்துறதுதான் நியாயம்.

அப்ப தப்பை உடனே கண்டுபிடிக்கிறதுதான் முக்கியம்னு ஆகுது, அதுக்கு எல்லாரும் ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே அடிக்கப் பார்ப்பாங்க. தேவையே இல்ல. 2010ல லோகன், க்ரம்ப்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க, நல்லா டைப் அடிக்கிறவங்களை உக்கார வச்சு, அவங்க சரியா அடிச்சதுல சில இடத்துல ஸ்க்ரீன்ல வேணும்னே தப்பைக் காட்டுனாங்க, அவங்க தப்பா அடிச்சதை சில இடத்துல சத்தமில்லாம திருத்தியும் காட்டுனாங்க. கேட்டா ஆளுங்க ஸ்க்ரீன்ல இருக்கிறதைத்தான் தன்னோட வேலைன்னு நம்புனாங்க. ஆனா விரல் ஏமாறல, நிஜமா தப்பு விழுந்த இடத்துக்கு அப்புறம் மட்டும்தான் விரல் வேகம் குறைஞ்சுது. அதாவது மனசுக்குத் தெரியிறதுக்கு ஸ்க்ரீன் வேணும், விரலுக்கு அது வேண்டாம். "என்னமோ இடறுச்சே"ன்னு கையில தோணுச்சுன்னா பெரும்பாலும் இடறித்தான் இருக்கும், அந்த உணர்வை நம்பி அழிக்கப் பழகுனா கண்ணு பத்தியை விட்டு நகரவே வேண்டாம்.

கண்ணு நகர்றதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. அடிக்கிறவரோட கண்ணு விரலுக்கு சில எழுத்து முன்னாடியே ஓடிக்கிட்டு இருக்கும், அந்த இடைவெளிதான் சீரான வேகத்துக்குக் காரணம். ஸ்க்ரீனுக்குப் போய்ட்டுத் திரும்பும்போது இடம் மாறி, ரெண்டு வரியிலயும் ஒரே வார்த்தை இருந்துச்சுன்னா கீழ் வரியில போய் ஒட்டிக்கும். ஒரு வரி முழுசா காணாமப் போகும், விட்டுப்போன ஒவ்வொரு வார்த்தைக்கும் அபராதம் போடுற ரூல்னா அங்கயே கதை முடிஞ்சுது.

இப்ப தமிழுக்கு வருவோம், இங்கதான் எண்ணிக்கையே குழப்பம். தமிழ்99 விசைப்பலகையில உயிர் எல்லாம் இடது கை, மெய்யில வ, ங தவிர மத்ததெல்லாம் வலது கை. ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதல்ல வந்ததுக்குப் புள்ளி தானா விழும், ந அடிச்சு த அடிச்சா ந்த ஆயிடும். அடிக்கிற விசையை இங்கிலீஷ் எழுத்துல எழுதுனா இப்படி இருக்கும்.

```
பக்கம் = jhhkf
பந்து  = j;ld
```

பக்கம்ங்கறதுக்கு விரல் அடிச்சது அஞ்சு, கண்ணுக்குத் தெரியிற எழுத்து நாலு, யூனிகோடுல சேமிக்கிறது ஆறு, ஏன்னா அங்க புள்ளி ஒவ்வொண்ணும் தனிக் குறி. பந்துக்கு இதே மூணும் நாலு, மூணு, அஞ்சு. அதனால உங்க ப்ராக்டிஸ் சாஃப்ட்வேர் எதை எண்ணுதுன்னு பாருங்க, யூனிகோடை எண்ணுச்சுன்னா விரலோட வேகத்தை விட கூடுதலாக் காட்டி சந்தோஷப்படுத்தும். பழைய தட்டச்சு அமைப்புல இது இன்னும் வேற, கொ வேணும்னா கொம்பு, க, கால்னு மூணு விசை, தமிழ்99ல ரெண்டே விசை. ரெண்டையும் மாத்தி மாத்தி ப்ராக்டிஸ் பண்றது எனக்கு சரிப்பட்டு வரல, டெஸ்ட்ல எதுவோ அதுல மட்டும் இருங்க.

தமிழ்ல விழுற தப்பும் இங்கிலீஷ் மாதிரி இல்ல. இங்கிலீஷ்ல பக்கத்து விசை, விட்டுப்போன எழுத்து, the அடிக்கப்போய் teh ஆகுறது. தமிழ்99ல மெய்யும் உயிரும் மாறி மாறி ரெண்டு கையில வர்றதால, இடது கை அவசரப்பட்டா பாடு அடிக்கப்போய் ஆபடு வந்து நிக்கும். இது வேகத்தால வர்ற தப்பு, கொஞ்சம் நிதானிச்சா போயிடும். மமதை மாதிரி வார்த்தையில நடுவுல அ அடிக்கலைன்னா ம்மதை ஆயிடும், இது விசைப்பலகை தெரியாததால வர்ற தப்பு. ர ற, ல ள ழ, ந ண ன மாறுறது மூணாவது வகை, அதுக்கு விரல் காரணமே இல்ல, பத்தியைக் கண்ணால காப்பி அடிக்காம வாய்க்குள்ள படிச்சு காதால அடிக்கிறோம். எவ்வளவு மெதுவா அடிச்சாலும் இது குறையாது, அதனால இந்த வகைக்காக வேகத்தைக் குறைக்கிறது சுத்த வேஸ்ட்.

இதை வச்சுத்தான் ப்ராக்டிஸை அமைக்கணும். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப அடிச்சா வேகம் ஏறுற மாதிரி தெரியும், ஏறுனது மனப்பாடம். புதுப் பத்தி எடுத்து, டெஸ்ட் எத்தனை நிமிஷமோ அத்தனை நிமிஷம் டைமர் வச்சு, ஒரு நாள் நிதானமா ஒரு நாள் விரட்டி அடிங்க, ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு தாளாவது சேர்ந்த பிறகு சராசரி எடுத்து வகுங்க, ஒரே ஒரு தாள வச்சு வர்ற நம்பர் கண்டபடி ஆடும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எங்க இருக்கோம்னு யாராவது பத்தியில கோடு போட்டுக் கொடுத்தா இன்னும் நல்லது. முதல் கோட்டுக்குள்ளயே தப்பு குவிஞ்சா பதட்டம், சீரா டிக் டிக்னு தாளம் தட்டுற மெட்ரோனோம் வச்சு முதல் நிமிஷத்தை அடக்கி ஆரம்பிங்க. கடைசிக் கோட்டுக்கு அப்புறம் குவிஞ்சா களைப்பு இல்லன்னா மணி அடிக்கப்போகுதுங்கற அவசரம், அதுக்கு டெஸ்ட்டை விட ரெண்டு நிமிஷம் கூடுதலா அடிச்சுப் பழகணும்.

நான் சிவப்புப் பேனாவுல தப்பை வகைவகையா பிரிச்சு, விரட்டும்போது விழுந்த 14ல ஆறு எழுத்து இடம் மாறுன தப்புன்னு பார்த்தேன். மூணு வாரம் அந்த மாதிரி ஜோடி எழுத்து வர்ற வார்த்தையை மட்டும் தனியா மெதுவா அடிச்சிட்டு, மறுபடியும் கணக்கு போட்டேன். நிதானம் 1800க்கு 3 தப்பு, விரட்டல் 2000க்கு 6 தப்பு. 40 வார்த்தை கூட, 3 தப்பு கூட, வகுத்தா 13க்கு மேல. முன்னாடி அபராதம் அஞ்சுக்கே விரட்டக் கூடாதுன்னு சொன்ன அதே நோட்டு இப்ப அபராதம் பத்துன்னாலும் விரட்டுன்னு சொல்லுது, விரட்டலுக்கு 340, நிதானத்துக்கு 330.