எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?

ஒரு அறையின் படம். கதவருகே கிழிசலான நீண்ட அங்கியோடு மெலிந்த ஆள் ஒருவர் நடந்து வருகிறார். வேலைக்காரப் பெண் இன்னும் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். முன்னால் கறுப்பு உடையில் வயதான பெண்மணி ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து பாதி குனிந்து நிற்கிறார். பியானோ முன் இருக்கும் பெண் திரும்பிப் பார்க்கிறாள். மேஜையருகே ஒரு சிறுவன், ஒரு சிறுமி.

ரஷ்ய ஓவியர் இலியா ரெபின் 1884-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்த ஓவியம் இது. பெரியவர்களுக்குப் படம் பார்க்கச் சொல்லித்தரும் வகுப்பில் நான் அடிக்கடி எடுத்துச் செல்வதும் இதைத்தான். தலைப்பையும் ஓவியரின் பெயரையும் முதலில் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் எல்லாரும் படத்தை விட்டுவிட்டுத் தலைப்பைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

படம் பார்க்க ஏன் பயிற்சி வேண்டும்? கண் இருந்தால் போதாதா? கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். உங்கள் கண் ஒரு நேரத்தில் துல்லியமாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த நகத்தளவு இடத்தை மட்டுமே. மற்றதெல்லாம் மங்கல். அந்தச் சின்ன இடத்தை விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவவிட்டு, கிடைத்த துண்டுகளை மூளை கோத்துக்கொள்கிறது. ஆகவே படத்தில் எதைப் பார்த்தோம் என்பது கண் எங்கே தாவியது என்பதைப் பொறுத்தது. கண் எங்கே தாவும் என்பதோ, மனதில் என்ன கேள்வி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதை அழகாகக் காட்டியவர் ஆல்ஃபிரட் யார்பஸ் என்ற சோவியத் ஆய்வாளர். கண்ணில் ஒட்டும் சிறு உறிஞ்சு கிண்ணத்தில் கண்ணாடித் துண்டு பொருத்தி, ஒளிக்கதிர் மூலம் கண்ணின் அசைவைப் பதிவு செய்தார். அவர் எடுத்துக்கொண்டதும் ரெபினின் இதே ஓவியம்தான். ஒரே நபரிடம் ஏழு விதமாகக் கேட்டார். சும்மா பார்க்கச் சொன்னபோது ஒரு பாதை. இவர்களின் வயது என்ன என்று கேட்டதும் கண் முகங்களில் மொய்த்தது. இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி என்றதும் உடைகளுக்கும் அறைப் பொருள்களுக்கும் போயிற்று. வந்தவர் எத்தனை நாள் வெளியே இருந்திருப்பார் என்றதும் அவர் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையே அலைந்தது. ஒரே படம், ஒரே கண், கேள்வி மட்டும் வேறு. அந்தப் பதிவு ஒருவருடையதுதான் என்பது உண்மை. ஆனால் பிறகு பலரை வைத்துச் செய்து பார்த்தபோதும், கேள்வி கண்ணை இழுப்பது உறுதியாயிற்று.

சரி, அப்படியானால் எந்தக் கேள்வியை எப்போது கேட்பது? உளவியலாளர் அபிகேல் ஹௌசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் சேர்ந்து உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? படம் பார்ப்பதில் முதிர்ச்சி வயதால் வருவதில்லை, பார்த்த பழக்கத்தால் வருகிறது என்பது ஹௌசனின் முக்கியமான கண்டுபிடிப்பு. ஐம்பது வயதுக்காரரும் இதில் ஆரம்பநிலையில் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் ஒரு நிமிடம் மௌனமாகப் பார்க்க விடுகிறேன். அந்த ஒரு நிமிடம் நடத்துபவருக்குத்தான் நீளமாகத் தோன்றும். அப்புறம் முதல் கேள்வி. பெரியவர்கள் நேராகக் கதைக்குத் தாவுவார்கள். “கடன் கேட்க யாரோ வந்திருக்கிறார்” என்றார் ஒருவர். சரி என்றோ தவறு என்றோ நான் சொல்லவில்லை.

“எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், ஐயா?”

“உடை மோசமாக இருக்கிறது. வாசலில் நிற்கும் பெண்ணும் அவரை வரவேற்கிற மாதிரி தெரியவில்லை.”

நான் அந்த உடையையும் கதவைப் பிடித்த கையையும் விரலால் தொட்டுக் காட்டி, “அங்கி நைந்திருக்கிறது, அந்தப் பெண் ஒதுங்கி நிற்கிறாள், அதனால் வெளியாளாக இருக்கலாம் என்கிறீர்கள்” என்று என் வார்த்தையில் திருப்பிச் சொன்னேன். தொட்டுக் காட்டியதும் அறையில் இருந்த அத்தனை கண்களும் அங்கே போயின. உடனே பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, “வெளியாள் வந்தால் அந்தப் பாட்டி ஏன் எழுந்திருக்க வேண்டும்? பையன் முகத்தைப் பாருங்கள், அவனுக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது” என்றார். “அந்தப் பெண் குழந்தைக்குத் தெரியவில்லையே, பயந்துபோய்ப் பார்க்கிறாள்” என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே ஒரு கணக்குப் போட்டுவிட்டார்கள்: பையனுக்கு நினைவிருக்கிறது, சின்னவளுக்கு இல்லை, அப்படியானால் இவர் போய்ச் சில வருடங்களாவது ஆகியிருக்கும். யார்பஸ் கேட்ட கேள்விகளில் ஒன்றை யாரும் கேட்காமலே அவர்கள் எட்டியிருந்தார்கள்.

மொத்த வேலையும் இரண்டாவது கேள்வியில்தான் நடக்கிறது. அதை “ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று மாற்றிப் பாருங்கள், வகுப்பு சுருங்கிவிடும். ‘ஏன்’ என்பது பெரியவர்கள் காதில் விசாரணையாக விழுகிறது. பதிலும் படத்திலிருந்து வராமல் அவரவர் அனுபவத்திலிருந்து வரும்: “எங்கள் வீட்டிலும் இப்படித்தான்” என்று தொடங்கி எங்கோ போகும். ‘எதைப் பார்த்து’ என்பது கண்ணைத் திரும்பப் படத்துக்கே அனுப்புகிறது.

நடத்துபவர் கெடுப்பதும் உண்டு. “ரொம்பச் சரி!” என்று ஒருவரைப் பாராட்டிவிட்டால் போதும், மற்றவர்கள் சரியான விடை வந்துவிட்டது என்று வாயை மூடிக்கொள்வார்கள். நானே பல வகுப்புகளை இப்படிக் கொன்றிருக்கிறேன். “சுவரில் உள்ள படங்களைக் கவனித்தீர்களா?” போன்ற கேள்வியும் அதே ரகம், விடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பது. இன்னொரு தொல்லை அச்சு. இந்த ஓவியத்தைச் சின்ன அச்சில் கொடுத்தால் சுவர்ப் படங்கள் வெறும் கட்டங்களாகிவிடும், குழந்தைகளின் முகபாவமும் போய்விடும். பிறகு கேள்வியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கண் எவ்வளவு உழைத்தாலும் படத்துக்குள் இல்லாததை எடுத்துத் தராது. வந்தவர் நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய அரசியல் கைதி, சுவரில் இருப்பவர்களில் ஒருவர் கவிஞர் ஷெவ்சென்கோ என்பதையெல்லாம் யாரும் ஊகித்து முடிக்க முடியாது. இந்த முறையைக் கறாராகப் பின்பற்றுபவர்கள் கடைசிவரை தகவலே தரமாட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை வெறுங்கையோடு அனுப்புவது நியாயமாகப் படவில்லை. அதனால் பேச்சு ஓய்ந்த பிறகு தலைப்பைச் சொல்கிறேன்: ‘எதிர்பார்க்கவில்லை’. உடனே எல்லாரும் மீண்டும் படத்தைப் பார்க்கிறார்கள். கடன் கேட்க வந்தவர் என்றவர்தான் முதலில் அந்தப் பாட்டியின் முகத்துக்குப் போனார்.

பலன் இருக்கிறதா என்று அறிய நான் பரீட்சை வைப்பதில்லை. நாலைந்து வகுப்புகளுக்குப் பிறகு புதிய படம் ஒன்றைக் கொடுத்து, எந்தக் கேள்வியும் கேட்காமல், தோன்றுவதைச் சொல்லச் சொல்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள், மற்றவர்கள் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன். அதில் இரண்டு சொற்களைத் தேடுவேன்: ‘ஏனென்றால்’, ‘இருக்கலாம்’. முதல் நாள் அநேகமாக இரண்டும் இருக்காது, “அவர் பணக்காரர்” என்று மட்டும் இருக்கும். இப்போது, “பணக்காரராக இருக்கலாம், ஏனென்றால் செருப்பில் மண் இல்லை” என்று வந்தால், என் பங்குக்குப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.