‘உயர்வதால்’ என்று எழுதும் முன்

சென்னையில் வேதியியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர், தம் செய்முறை அறிக்கையின் நகலை அனுப்பியிருந்தார். வீட்டருகே உள்ள ஏரியில் மூன்று வாரங்களில் 24 முறை நீர் எடுத்து, வெப்பநிலையையும், விங்க்ளர் முறையில் கரைந்த ஆக்சிஜனையும் அளந்திருக்கிறார். இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.8-ஐத் தாண்டியது. ‘நீரின் வெப்பநிலை உயர்வதால் கரைந்த ஆக்சிஜன் அதிகரிக்கிறது; எனவே கோடையில் ஏரி மீன்களுக்கு மேலும் உகந்ததாகிறது’ என்று அவர் எழுதிய வரியைப் பேராசிரியர் சிவப்பு மையால் சுழித்து, ‘இது தொடர்பு, காரணம் அல்ல’ என்று மட்டும் குறித்துவிட்டாராம். எங்கே தவறினேன், எப்படித் திருத்துவது என்பது வாசகியின் கேள்வி.

தவறு ‘உயர்வதால்’ என்ற சொல்லின் கடைசியில் இருக்கிறது. ‘உயர்ந்திருந்தபோது’ என்பது இரண்டும் சேர்ந்து காணப்பட்டதை மட்டும் சொல்கிறது. ‘ஆல்’ வந்தவுடன் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடுகிறது. அவருடைய அட்டவணை முதலாவதைத்தான் காட்டுகிறது.

உண்மையில், தனித்துப் பார்த்தால் வெப்பநிலை எதிர்த்திசையில்தான் இழுக்கிறது. காற்றோடு சமநிலையில் நிற்கும் நன்னீரில் 28 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 32 டிகிரியில் அது சுமார் 7.3 ஆகக் குறையும். வாசகியின் அட்டவணையிலோ காலை ஆறு மணிக்கு 28 டிகிரி நீரில் 3 மில்லிகிராம் இருக்கிறது, பிற்பகல் இரண்டு மணிக்கு 32 டிகிரி நீரில் 10 இருக்கிறது. இந்தப் பத்து என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. காற்றிலிருந்து கரைவதால் மட்டும் அந்த நீர் 7.3-ஐத் தாண்ட முடியாது. அதற்கு மேல் இருந்தால் ஆக்சிஜன் நீரிலிருந்து காற்றுக்குத்தான் வெளியேறும். அப்படியிருந்தும் பத்து நிற்கிறது என்றால், நீருக்கு உள்ளேயே யாரோ ஆக்சிஜனைத் தயாரித்துக்கொண்டிருக்க வேண்டும். கழிவுநீர் கலந்து பச்சையேறிய ஏரியில் அந்த ‘யாரோ’ பாசிகள் என்று ஊகிக்கலாம். பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடும் அதே பாசிகள் இரவு முழுவதும் பாக்டீரியாக்களோடு சேர்ந்து அதைச் சுவாசித்துத் தீர்க்கின்றன. விடியலில் அளவு அடிமட்டத்துக்கு வருகிறது. நீரைச் சூடாக்குவதும் பாசிக்கு வேலை கொடுப்பதும் ஒரே வெயில் என்பதால், வெப்பநிலையும் ஆக்சிஜனும் கைகோத்து ஏறி இறங்குகின்றன. மீன்கள் பற்றிய முடிவு தலைகீழாகப் போவதும் இங்கேதான்: இத்தகைய ஏரிகளில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான், வெதுவெதுப்பான இரவுகளில் சுவாசம் வேகமாக நடப்பதால் ஆபத்து கூடுகிறது.

அறிக்கைக்குள்ளேயே இதற்கு ஒரு தடயம் இருந்தது. காலை மாதிரிகள் பன்னிரண்டை மட்டும் தனியாக வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். மேலேறும் கோடு காணாமல் போய், புள்ளிகள் சிதறிக் கிடந்தன. இரண்டு வெவ்வேறு நேரங்களின் புள்ளிக்கூட்டங்களைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்ததே அந்த 0.8.

திருத்தும்போது இரு பிழைகளைத் தவிர்க்க வேண்டும். ‘உயர்வதால்’ என்பதை ‘தொடர்புடையது’ என்று மாற்றிவிட்டு, ‘எனவே மீன்களுக்கு உகந்தது’ என்ற வரியை அப்படியே விட்டுவைப்பது ஒன்று. காரணத்தின் மேல் நிற்கும் முடிவு, காரணம் போனபின் தானும் போக வேண்டும். மற்றொன்றை வாசகியே முதல் திருத்தத்தில் செய்தார்: ‘சூரிய ஒளியால் ஆக்சிஜன் அதிகரிக்கிறது’ என்று எழுதி அனுப்பினார். ஒளியை அவர் அளக்கவே இல்லை. உறுதியான தொனியில் எழுதினால் மதிப்பெண் வரும் என்று நம் செய்முறை வகுப்புகள் பழக்கியிருப்பதுதான் இதற்கு வேர் என்பது என் கருத்து.

இறுதியில் அந்தப் பத்தி இப்படி அமைந்தது: ‘வெப்பநிலை உயர்ந்திருந்த பிற்பகல் மாதிரிகளில் கரைந்த ஆக்சிஜனும் உயர்ந்திருந்தது. காலை மாதிரிகளுக்குள் இத்தொடர்பு காணப்படவில்லை. பிற்பகல் அளவு செறிவு எல்லையைத் தாண்டியிருப்பதால், காற்றிலிருந்து கரைதல் மட்டும் இதற்கு விளக்கமாகாது. பாசிகளின் ஒளிச்சேர்க்கை ஒரு சாத்தியமான விளக்கம். ஒளி அளக்கப்படாததால் இந்த ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை.’

உறுதிசெய்ய வழி உண்டு. நார்வேயின் கார்டர், கிரான் ஆகிய இருவர் 1927-ல் வெளியிட்ட முறை அது. ஒரே ஏரி நீரை இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, ஒன்றை மட்டும் அலுமினியத் தாளால் சுற்றி, இரண்டையும் ஏரியில் ஒரே ஆழத்தில் காலையில் தொங்கவிட வேண்டும். சுற்றியுள்ள நீரோடு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் சூடேறும். ஒளி ஒன்றுக்குத்தான் கிடைக்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பின் வெறும் குப்பியில் ஆக்சிஜன் ஏறி, சுற்றிய குப்பியில் இறங்கியிருந்தால், அந்த வேறுபாட்டைப் பற்றி ‘ஒளியால்’ என்று அவர் தயங்காமல் எழுதலாம்.