பாலியல் தொழிலாளர்: சொல் விளக்கம்

சுங்கை சிப்புட்டில் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து சுகாதாரத் துண்டுத்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். மலாயில் இரண்டே பக்கம். இரத்தப் பரிசோதனையை எங்கே செய்துகொள்வது, ஆணுறை கிழிந்துபோனால் எத்தனை மணி நேரத்துக்குள் எங்கே போவது என்பதுதான் செய்தி. மலாய்த் தாளில் 'பெக்கெர்ஜா செக்ஸ்' என்று இருந்தது. நான் யோசிக்காமல் 'விலைமாதர்' என்று எழுதிவிட்டேன்.

எதிரில் இருந்தவர்களில் ஒரு அக்கா அந்தத் தொழிலில் இருப்பவர். பால் மரம் வெட்டிய குடும்பம். தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் லயத்தைக் காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்தவர். வரியைப் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "தம்பி, இந்தத் தாள நான் பையில வச்சுக்க மாட்டேன். என் புள்ள எடுத்துப் பாத்தா மத்ததையெல்லாம் படிக்காது, அந்த ஒரு சொல்லத்தான் பாக்கும்" என்றார். அன்றைக்கு வேலை அதோடு நின்றது. அப்புறம்தான் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

நம்மிடம் இதற்குச் சொற்கள் நிறையவே இருக்கின்றன. பரத்தை, கணிகை, வேசி, தாசி, பொதுமகள், விலைமகள். 'தேவர் அடியாள்' என்று கோயில் பணியைக் குறித்த சொல் பின்னால் திரிந்து, தெருவில் வீசும் வசையாகவே போய்விட்டது. பத்திரிகைகளில் அதிகம் வருவது 'விபச்சாரி'. இது வடமொழி 'வியபிசாரம்' என்பதிலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் வழி தவறிப் போதல், ஒன்றில் நிலைக்காமை. தருக்க நூல்களில் ஒரே முடிவில் நிலைக்காமல் பிறழும் காரணத்துக்கும் இதே சொல் வரும். பரதம் கற்ற பிள்ளைகளைக் கேட்டால், வந்து வந்து மறையும் உணர்ச்சிகளுக்கு 'வியபிசாரி பாவம்' என்று பெயர் சொல்வார்கள். அந்தப் பொருளில் பணம் இல்லை, பெண்ணும் இல்லை. தமிழில் அது பெண்ணின் மேல் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது.

திருக்குறளில் 92-ஆம் அதிகாரத்துக்கு 'வரைவின் மகளிர்' என்று பெயர். வரைவு என்றால் திருமணம். மண உறவுக்குள் வராத பெண்கள் என்று பொருள். அந்தப் பத்துக் குறளும் ஆணைப் பார்த்துச் சொல்லும் எச்சரிக்கைதான். அவளிடம் யாரும் பேசுவதில்லை. ஆனால் அதே நூலில் 1311-ஆம் குறளில் 'நண்ணேன் பரத்த நின் மார்பு' என்று தலைவி ஊடுகிறாள். போகிறவனுக்குப் 'பரத்தன்' என்று அன்றைக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. அந்தச் சொல்லை இன்று யாரும் பேசுவதில்லை. இப்போது அவர் 'வாடிக்கையாளர்'. மளிகைக் கடைக்குப் போகிறவருக்கும் அதே பெயர்தான். பெண்ணுக்கு இத்தனை பெயர், ஆணுக்கு ஒரு கண்ணியமான பெயர். பாலினப் பிரச்சினை என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான சான்று இது.

மலாயிலும் பழைய சொல் இதே கதைதான். 'பெலாச்சூர்' என்பதன் அடியான 'லாச்சூர்' என்ற சொல்லுக்குத் துரதிர்ஷ்டம், கெட்டுப்போனது என்றெல்லாம் பொருள் உண்டு.

'பாலியல் தொழிலாளி' என்ற வழக்கு ஆங்கிலத்தின் வழியாக வந்தது. 1970களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு பெண்கள் மாநாட்டுக்குக் கேரல் லீ என்பவர் போனார். அவர் அந்தத் தொழிலைச் செய்தவர். அங்கே ஓர் அமர்வுக்கு, உடலைப் 'பயன்படுத்தும்' தொழில்துறை என்ற பொருளில் தலைப்பு வைத்திருந்தார்கள். பயன்படுத்துகிறவன் ஆண், பெண் அங்கே பயன்படுகிற பொருள். நாங்கள் செய்வது வேலை, தலைப்பில் அதைச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டார். சொல் அங்கிருந்து பரவியது.

தமிழில் அது இன்னும் ஒரு படி மேலே போய் அமைந்திருக்கிறது என்பது என் எண்ணம். தொழிலாளி என்பது தொழில், ஆள், இ என்று பிரியும், தொழிலை ஆள்கிறவர். விலைமகள் என்றால் விலை அந்தப் பெண்ணுக்கு. தொழிலாளி என்றால் விலை வேலைக்கு. ஆள் விற்பனைக்கு இல்லை. ஆண்பால், பெண்பால் வேறுபாடும் அந்தச் சொல்லில் கிடையாது. இத்தொழிலில் இருக்கும் திருநங்கைகளுக்கும் ஆண்களுக்கும் அது அப்படியே பொருந்தும். நம் தோட்டத்துச் சனங்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. சஞ்சிக்கூலியாக வந்தவரின் பேரன் தொழிலாளி ஆனான். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. கூலியிடம் யாரும் ஒப்பந்தம் பேசுவதில்லை. தொழிலாளியிடம் பேசியாக வேண்டும்.

மருந்தடிக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி கலந்த டின்னை முதுகில் சுமந்தவர்களுக்கு நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது. அந்த வேலைக்கு ஏன் போனாய் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. முகமூடி எங்கே, கையுறை எங்கே, இந்த விஷத்தை ஏன் இன்னும் விற்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். 2020-இல் மலேசியா அதைத் தடை செய்தது. தொழிலாளி என்று ஒருவரை ஏற்றுக்கொண்டால் கேள்வி அவரைவிட்டு வேலையிடத்தின் பக்கம் திரும்பும்.

அப்படி ஏற்றுக்கொள்ளாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1870-இல் ஆங்கிலேயர் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். விடுதிகளில் இருந்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாக உடல் பரிசோதனை செய்தார்கள். வந்துபோன ஆண்களுக்குப் பரிசோதனை கிடையாது. நோயை ஒருத்தியிடம் கண்டுபிடித்து அடைத்துவைப்பது, அதைக் கொண்டுவந்தவனை விட்டுவிடுவது என்றால் நோய் எப்படிக் குறையும்? படைவீரர்களின் உடல்நலம்தான் அந்த ஆட்சியின் கவலை. அந்தப் பெண்கள் அதற்கு ஆபத்து, அவ்வளவே. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் இதே மாதிரிச் சட்டங்களைப் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். 1880களின் கடைசியில் இங்கேயும் அது நீக்கப்பட்டது.

இப்போது நம் ஊருக்கே வருவோம். அந்த அக்காவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 372பி பிரிவின்படி, இந்தத் தொழிலுக்காக எந்த இடத்திலாவது ஆளை அழைப்பது குற்றம்; ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 373-ஆம் பிரிவு விடுதி நடத்துவதைத் தண்டிக்கிறது. ஆக, தெருவில் நின்று பேசினால் அவர் மாட்டுவார். பாதுகாப்புக்கு இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால், விடுதி என்று அதுவும் மாட்டும். மிச்சம் இருப்பது தனியாக, இருட்டில், அவசரமாகப் பேசி முடிப்பது. வருகிறவர் குடித்திருக்கிறாரா என்று நிதானமாகப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காது.

கிளினிக்கில் ஆணுறை கொடுப்பார்கள். ஆனால் பையைச் சோதித்தால் அதையே சாட்சியாகக் காட்டுவார்களோ என்ற பயத்தில் அக்கா ஒன்றுக்கு மேல் எடுத்துப் போவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்த ஒன்று கிழிந்துவிட்டது. இன்னொன்று கையில் இல்லை. அந்த ஆள் நிறுத்தவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எச்ஐவி கிருமி உடலில் நிலைகொள்வதற்கு முன்பே அதைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வெள்ளி இரவு பதினொரு மணி என்றால் திங்கள் இரவு பதினொரு மணி வரை நேரம். சனி, ஞாயிறில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அக்கா போகவில்லை. முன்பு ஒரு தடவை வேறொரு கோளாறுக்குப் போனபோது கவுண்டரில் இருந்தவர், "என்ன வேலை?" என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டிருக்கிறார். வரிசையில் இவருடைய மகளின் பள்ளித் தோழியின் அம்மா நின்றிருந்தார். போலீசில் புகார் கொடுக்கவும் முடியாது. நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதவன்மேல் புகார் கொடுக்கப் போனால், தான் அங்கே ஏன் நின்றேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமைதான் எங்களில் ஒருவரிடம் சொன்னார். நேரம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு காத்திருப்பு ஒன்றுதான் வழி. கிருமி தொற்றிய உடனே இரத்தத்தில் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் செய்யும் இப்போதைய பரிசோதனையில் தெரிய 45 நாள் வரை ஆகலாம். அந்த ஆறு வாரமும் மகளுக்குச் சோறு பிசைந்து கொடுக்கவே கை கூசியது என்றார். சோற்றில் எச்ஐவி பரவாது என்று அவருக்கே தெரியும். முடிவு நல்லபடியாக வந்தது. ஆனால் மாத்திரை அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அவருக்கும் மாத்திரைக்கும் நடுவில் நின்றது ஒரு சட்டப் பிரிவும், ஒரு கவுண்டரும், ஒரு சொல்லும்.

இதனால்தான் இது உரிமைப் பிரச்சினை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் சேர்ந்தது. அதன் குழு 1999-இல் தந்த 24-ஆவது பொதுப் பரிந்துரை, உடல்நலத்தில் தனிக் கவனம் வேண்டிய பெண்களில் இவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நியூசிலாந்து 2003-இல் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தியது. 2014-இல் அங்கே ஒரு பெண், தன்னைப் பாலியல் சீண்டல் செய்த விடுதி நடத்துநர்மேல் வழக்குப் போட்டு 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். தொழிலாளி என்று அவரை ஏற்றுக்கொண்ட இடத்தில் அப்படி ஒரு வழக்குக்கு இடம் கிடைத்தது.

இந்தச் சொல்லை ஏற்காத பெண்ணியவாதிகளும் உண்டு. வறுமையில் வேறு வழியில்லாமல் செய்வதைத் தொழில் என்று அழைத்தால் சுரண்டுகிறவனுக்கு அது வசதியாகிவிடும் என்கிறார்கள். நியாயமான கவலை. தமிழில் அது இன்னும் கூர்மையாக இருக்கிறது, ஏனென்றால் 'தொழில்' என்பது வேலையையும் குறிக்கும், முதலாளியின் வியாபாரத்தையும் குறிக்கும். அதனால் செய்கிறவரைச் சொல்லும்போது மட்டும் 'பாலியல் தொழிலாளர்' என்கிறேன். விடுதிக்காரரின் வரும்படியைப் 'பாலியல் வியாபாரம்' என்று தனியாகச் சொல்லலாம். கடத்திக் கொண்டுவரப்பட்டவர் பாதிக்கப்பட்டவர். அவருக்கு இந்தச் சொல் பொருந்தாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு எந்தச் சூழ்நிலையிலும் இதைப் போடக்கூடாது, அது குழந்தை மீதான வன்கொடுமை.

துண்டுத்தாளில் கடைசியில் 'பாலியல் தொழிலாளர்' என்றே எழுதினோம், ஆனால் உள்பக்கத்தில். முன்பக்கத்துக்கு அக்கா ஒரு யோசனை சொன்னார். "ஆணுறை கிழிந்ததா? 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன வேலை என்று சொல்லத் தேவையில்லை." இவ்வளவுதான் முன்பக்கம். பையில் வைத்திருந்தால் யாருடைய தாள் என்று பிள்ளைக்கும் தெரியாது.