'காளையின் பொறி' அல்ல, காளைப்பொறி

மதுரைப் பக்கம் பங்குச் சந்தை வகுப்பு எடுப்பவர்களும் தமிழில் சந்தைச் செய்தி எழுதுபவர்களும் 'புல் டிராப்'பை, அதாவது தடையைத் தாண்டி ஏறுவதுபோல் காட்டி வாங்கியவரை மாட்டிவிட்டு விலை விழுவதை, 'காளையின் பொறி' என்றே சொல்லி வருகிறார்கள். இது தப்பு, அர்த்தமே தலைகீழாகிறது.

விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறவர் காளை, இறங்கும் என்று விற்கிறவர் கரடி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டன் சந்தையில் இந்தப் பேச்சு இருந்தது. புல் டிராப்பில் மாட்டுவது காளைதான். எலி மாட்டுவது எலிப்பொறி, அதை யாரும் 'எலியின் பொறி' என்று சொல்வதில்லை. 'இன்' சேர்ந்தால் பொறி காளைக்குச் சொந்தமாகிவிடும், வைத்ததும் அதுதான் என்றாகிவிடும். அலங்காநல்லூரையும் பாலமேட்டையும் பார்த்து வளர்ந்தவருக்குக் காளை என்றாலே முட்டித் தூக்குகிற பக்கம்தான், அதனால் புதிதாக வருபவர் 'யாரோ பெரிய காளைகள் நம்மை ஏமாற்றுகிறார்கள்' என்று எடுத்துக்கொள்கிறார். மாட்டப்போகிற காளை, வாங்கத் துடிக்கும் தான்தான் என்பது அவருக்குத் தெரிவதே இல்லை.

ஒரு பங்கு 180 ரூபாயை மூன்று முறை தொட்டுத் திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். அதுதான் ரெசிஸ்டன்ஸ், தடை விலை. நாலாவது முறை காலையில் 184 போகிறது. இறங்கும் என்று முன்பே விற்று வைத்தவர்களின் ஸ்டாப்லாஸ், அதாவது நஷ்டத்தை நிறுத்த வெளியேறும் விலை, 180க்கு மேலே இருக்கும், அங்கே அவர்கள் திருப்பி வாங்குவதும் அந்த ஏற்றத்துக்குள் சேர்த்திதான். தடை உடைந்தது என்று நீங்கள் 184இல் 100 பங்கு வாங்குகிறீர்கள். பழைய பங்குதாரர்கள் அந்த விலையில் உங்களிடம் விற்றுவிட்டுப் போகிறார்கள், புதிதாக வாங்க ஆள் இல்லை, சாயங்காலம் 178இல் முடிகிறது. மறுநாள் உங்களைப் போல மாட்டியவர்களும் விற்க, 171. கையில் 1,300 ரூபாய் நஷ்டம்.

அன்றைய வால்யூம், அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, வழக்கத்தைவிடக் குறைவாக இருந்ததா, முடிவு விலை 180க்குக் கீழே வந்ததா என்று பார்த்தால் ஓரளவு தெரியும். நாள் முடிவு வரை பொறுத்து வாங்கியிருந்தால் இதில் மாட்டியிருக்க மாட்டீர்கள். ஆனால் 183இல் முடிந்து மறுநாள் விழுகிற பங்கும் உண்டு, அதனால் ஸ்டாப்லாஸ் இல்லாமல் வாங்கக் கூடாது.

சிலர் 'போலி ஏற்றம்' என்கிறார்கள். எளிமைதான், ஆனால் தடையைத் தாண்டி ஆளை உள்ளே இழுத்தது அதில் இல்லை, நிலைக்காத எந்த ஏற்றத்துக்கும் அது பொருந்தும். தனித்தமிழ் அன்பர்கள் 'ஏற்றுப்பொறி' என்கிறார்கள். ஏறு என்றால் காளை, ஏறுதலும் அதில் தொனிக்கிறது, அழகுதான். ஆனால் கேட்கிறவருக்கு ஏற்றுமதி இயந்திரம் மாதிரி ஒலிக்கிறது. காசு போடுகிறவனுக்கு உடனே புரிய வேண்டாமா? மொழிபெயர்க்கிறவர்கள் சொல்லை மாற்றுகிறார்கள், யார் மாட்டுகிறார் என்று யோசிப்பதில்லை.

காளைப்பொறி என்று சேர்த்தே எழுதுங்கள். தாங்கு விலை உடைந்ததென்று நம்பி விற்றவர்கள், விலை திரும்ப ஏறியதும் மாட்டிக்கொள்வது கரடிப்பொறி. அதிலும் 'இன்' வேண்டாம்.