கோயில் கூட்டத்தை எண்ணினால் போதுமா?

பிரதோஷத்தன்று மாலை மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் நந்தியைப் பார்க்கவே முண்டியடிக்க வேண்டும். ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேறும்போது, காவி உடுத்தி நடந்தே வருபவர்களால் சாலை நிறைந்துவிடும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த சென்னைக்காரரிடம் போய், நவீன சமூகங்களில் மதம் தேய்ந்துகொண்டே போகிறது என்று சொன்னால் சிரிப்பார்.

பீட்டர் பெர்கர் என்ற சமூகவியலாளர் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். 21ஆம் நூற்றாண்டில் மத நம்பிக்கையாளர்கள் அங்கங்கே சிறு குழுக்களாக ஒட்டிக்கொண்டிருப்பார்கள் என்று 1968இல் கணித்தார். 1999இல் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டு, உலகம் முன்பு போலவே ஆவேசமாக மதப்பற்றோடுதான் இருக்கிறது என்று எழுதினார். நவீன காலத்தில் மதம் தேய்கிறதா என்ற செக்யூலரைசேஷன் விவாதம் என்பது இந்த இரண்டு பெர்கர்களுக்கும் நடுவே நடக்கும் சண்டை என்று வைத்துக்கொள்ளலாம். மதம் குறைகிறது என்பது ஒரு கட்சி. குறையவில்லை, வடிவம்தான் மாறுகிறது என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியிலும் பலர் கூட்டத்தைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள். ஆனால் கூட்டம் பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஊரில் ஜனத்தொகை கூடியிருக்கலாம், பஸ் வசதி வந்திருக்கலாம், பத்துக் கோயிலுக்குப் பிரிந்து போனவர்கள் இப்போது ஒரே கோயிலுக்கு வரலாம். பார்க்க வேண்டிய இடம் வீடு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நம்பிக்கை போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

பிரிட்டனில் இதை நன்றாக அளந்திருக்கிறார்கள். அங்கே 'எனக்கு மதம் இல்லை' என்றவர்கள் 1983இல் 31 சதவீதம்; 2018இல் 52 சதவீதம். லட்சக்கணக்கானோர் நடுவயதில் நம்பிக்கை இழந்துவிட்டார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரே காலத்தில் பிறந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தால், நாற்பது வயதில் எப்படி இருந்தார்களோ அறுபதிலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறார்கள். மாறுவது தலைமுறை. பக்தியுள்ள தாத்தா காலமாகிறார், பக்தி இல்லாத பேரன் கணக்கில் சேர்கிறான். 'வயதானால் தானாகப் பக்தி வந்துவிடும்' என்று நம் ஊரில் சொல்வோமே, பிரிட்டன் தரவுகளில் அதற்கு ஆதாரம் மிகக் குறைவு.

டேவிட் வோவாஸ், அலஸ்டைர் கிராக்கெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் இந்தக் கைமாற்றத்தைக் கணக்கிட்டார்கள். அம்மா அப்பா இருவருக்கும் மத ஈடுபாடு இருந்தால் பிள்ளைக்கு அது வர ஏறக்குறைய பாதி வாய்ப்பு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் அதிலும் பாதி. இருவருக்கும் இல்லாவிட்டால் பிள்ளைக்கும் பெரும்பாலும் இல்லை. நம்பிக்கையின்மை மட்டும் சேதாரமில்லாமல் கைமாறுகிறது.

இதைப் போட்டுப் பார்ப்போம். எல்லாரும் பக்தியுள்ள ஒரு தலைமுறையில் தொடங்கினால், அடுத்த தலைமுறையில் பாதிப் பேர் மிஞ்சுவார்கள். அந்தத் தலைமுறையினர் பக்தி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டால், நூறு ஜோடிகளில் 25 ஜோடி இருவரும் பக்தர்கள், 50 ஜோடியில் ஒருவர் மட்டும், 25 ஜோடியில் இருவருமே இல்லை. முதல் வகையில் பாதிப் பிள்ளைகள், இரண்டாம் வகையில் கால்வாசிப் பிள்ளைகள் என்று கூட்டினால் மொத்தத்தில் 25 சதவீதம். ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி. யாரும் கடவுளை எதிர்த்துப் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பையனைக் கால்பந்துக்கு அனுப்பிவிட்டாலே போதும்.

இந்தக் கணக்கை உடைக்கக்கூடியவை இரண்டு. பக்தியுள்ள குடும்பங்கள் அதிகப் பிள்ளை பெற்றால் சரிவு மெதுவாகும். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தால் தலைகீழாகவும் ஆகலாம். லண்டனில் ஆப்பிரிக்க சபைகள் நிரம்பி வழிவதும், ஈஸ்ட்ஹாமில் முருகன் கோயில் எழுந்ததும் அப்படித்தான்.

சரி, வடிவம் மாறுகிறது என்ற கட்சி என்ன சொல்கிறது? அவர்களுடைய வாதத்தை ஓர் ஊரை வைத்தே சோதித்தார்கள். பால் ஹீலாஸ், லிண்டா வுட்ஹெட் குழுவினர் 2000இலிருந்து 2002 வரை இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற சிற்றூரைத் தலை எண்ணினார்கள். 2000 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா சர்ச்சுகளின் வாசலிலும் ஆள் நிறுத்தி எண்ணியதில், வந்தவர்கள் ஊர் மக்களில் 7.9 சதவீதம். அப்புறம் யோகா, ரெய்கி, தை சி, அரோமாதெரபி என்று அக அமைதி தேடும் வகுப்புகளுக்கும் சிகிச்சைகளுக்கும் ஒரு வாரத்தில் போனவர்களை எண்ணினார்கள். ஊரும் சுற்றுவட்டாரமும் சேர்த்து 1.6 சதவீதம். சர்ச் சுருங்குகிறது, இது வளர்கிறது, சில பத்தாண்டுகளில் முந்திவிடும் என்பது அவர்கள் கணிப்பு.

நேர்மையான ஆய்வு. தங்களுக்கு எதிரான தரவுகளையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதை வைத்தே வோவாஸும் ஸ்டீவ் புரூஸ் என்ற சமூகவியலாளரும் மறுத்தார்கள். அந்த வகுப்புகளுக்குப் போனவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே தாங்கள் செய்வது ஆன்மிகம் என்றார்கள். மற்றவர்களுக்கு அது உடம்பு வலிக்கும் மன அழுத்தத்துக்கும் மருந்து. வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள். பிள்ளைகளுக்கும் இதில் ஆர்வம் உண்டா என்று கேட்டபோது, பிள்ளை உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே ஆம் என்றார்கள். சர்ச்சில் நடப்பதைவிட மோசமான கைமாற்றம். என்னைப் பொறுத்தவரை, பிரிட்டன் விஷயத்தில் வாதம் இங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் அதே அளவுகோலைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் உடைந்துவிடும். கோயிலுக்கு வாரம் ஒருமுறை போயே தீர வேண்டும் என்ற விதி இந்துக்களுக்கு இல்லை. வராதவரை எண்ண முடியாது. 'மதம் இல்லை' என்ற கட்டமும் இங்கே வேலை செய்யாது. பெரியார் வாழ்ந்த மண், சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இலேயே சட்டம் நிறைவேற்றிய சட்டமன்றம். அப்படியும் சுயமரியாதைக் குடும்பங்களில் பலருக்கு மதப் பெயர்தான் சர்ட்டிபிகேட்டில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைச் சொல்லாதவர்கள் நாடு முழுவதும் 0.24 சதவீதம்தான். பியூ ஆய்வு மையம் 2019-20இல் எடுத்த கருத்துக்கணிப்பிலும் 97 சதவீத இந்தியர்கள் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லும் கேள்வியால் எந்த மாற்றத்தையும் பிடிக்க முடியாது. மதம் வாழ்க்கையில் மிக முக்கியமா என்ற கேள்வியில்தான் வித்தியாசம் தெரிந்தது: மத்திய இந்தியாவில் 92 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், தென்னிந்தியாவில் 69.

ஆகவே சென்னையில் வேறு கேள்விகள் தேவை. நான் கேட்பதாக இருந்தால் குலதெய்வத்திலிருந்து தொடங்குவேன். ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கு எந்தத் தெய்வத்துக்கு எந்த மாதம் என்ன படையல் என்று தெரியும். சென்னையில் வளர்ந்த மகன் மொட்டை போடவும் காது குத்தவும் மட்டும் காரில் போய்த் திரும்புகிறார். பேத்திக்கு அந்தத் தெய்வத்தின் பெயர் தெரியுமா? தெரியாவிட்டாலும், அவள் வியாழன்தோறும் சாய்பாபா கோயிலுக்குப் போகிறவளாக இருக்கலாம். அவள் அப்பா கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுபவராக இருக்கலாம். வடிவ மாற்றம் என்பவர்களுக்கு இங்கே பிரிட்டனைவிட வலுவான வழக்கு இருக்கிறது. ஏனென்றால் இந்தப் புதிய வடிவங்களில் சிலவற்றில் பிள்ளைகளும் கூடவே வருகிறார்கள். கன்னிச்சாமியாக மாலை போடும் பள்ளிப் பையனை யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கெண்டலின் ரெய்கி வகுப்பில் அப்படி ஒரு பையன் இல்லை.

அந்தப் பையன் முப்பது வயதில் தன் மகனுக்கு மாலை போட்டுவிடுகிறானா என்பதைத் தொடர்ந்து பார்க்க, ஒரே குடும்பங்களைப் பல ஆண்டுகள் விடாமல் கேட்கும் கணக்கெடுப்பு வேண்டும். பத்தாண்டுக் கணக்கெடுப்பு மதத்தின் பெயரைத்தான் கேட்கிறது. வீட்டில் விளக்கேற்றுவது யார் என்று கேட்பதில்லை.